வெளிநாட்டு இறக்குமதியாளருக்கு முதல் மின்னஞ்சல்: சாம்பிள், குறைந்தபட்ச ஆர்டர், கப்பல் விதிமுறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் சொந்தத் தோட்டத்துக் கொழுந்தை வைத்து, இலையை உருட்டி முறுக்கும் ஆர்த்தடாக்ஸ் முறையில் தேயிலை செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. நானும் மனைவியும் ஐந்து ஆட்களும். ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு சிறு இறக்குமதியாளருக்கு, பெட்டிகளை மரத்தட்டில் அடுக்கி ஒரு பேலட் தேயிலை அனுப்பியதிலிருந்து அக்கம்பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இப்படி எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அண்ணா, முதல் மெயிலில் என்னதான் எழுதணும்? எங்க தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லணுமா?

வேண்டாம். தாத்தா 1950களில் காடு திருத்தியது, நீலமலையின் மூடுபனி, அன்போடு கிள்ளிய கொழுந்து, இதையெல்லாம் நானும் முதலில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். நாற்பது பேருக்கு அனுப்பினேன், ஒருவர் பதில் போட்டார், அவரும் கேட்டது ஒரே வரிதான்: எத்தனை கிலோ இருக்கிறது, எங்கே ஒப்படைப்பீர்கள்?

வாங்குகிறவர் அந்த மெயிலில் தேடுவது கொஞ்சம்தான். என்ன தேயிலை, எப்போது பறித்தது, இந்த லாட்டில் எவ்வளவு இருக்கிறது, சாம்பிள் எப்படிக் கிடைக்கும், குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும், விலை எந்த இடம் வரைக்குமானது. இது இருந்தால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும், இல்லாவிட்டால் நாலு முறை கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தப் பொறுமை யாருக்கும் கிடையாது.

படம் ஒன்று போதும். உலர்ந்த இலை, கொதிநீர் ஊற்றி எடுத்த இலை, வடிநீர், மூன்றையும் வெள்ளைத் தட்டில் பகல் வெளிச்சத்தில் ஒரே ஃபிரேமில் எடுங்கள். மலைச்சரிவு படம் எல்லோரிடமும் இருக்கிறது.

நீங்க அனுப்பினதை அப்படியே காட்ட முடியுமா?

அனுப்பியது ஆங்கிலத்தில். அதில் வரும் பிராஸ்ட் டீ என்பது உறைபனி வாரங்களில் பறித்துச் செய்யும் தேயிலை, ஃபார்வர்டர் என்பவர் சரக்கைக் கப்பலேற்றி அனுப்பும் முகவர். இங்கே தமிழில் சொல்கிறேன், இந்த நீளத்துக்கு மேல் போகாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

> தலைப்பு: நீலகிரி பிராஸ்ட் டீ, ஜனவரி லாட், ஒரு பேலட் 144 கிலோ, சாம்பிள் தயார்
>
> வணக்கம். கோத்தகிரியில் 1,900 மீட்டர் உயரத்தில் எங்கள் சொந்தத் தோட்டத்துக் கொழுந்தில் கையால் பறித்துச் செய்த ஆர்த்தடாக்ஸ் கறுப்புத் தேயிலை. பறித்தது ஜனவரி 6 முதல் 19 வரை. எல்லா நாளின் தேயிலையையும் ஒன்றாகக் கலந்து ஒரே லாட்டாக வைத்திருக்கிறோம், லாட் எண் கே-03.
>
> சாம்பிள்: இதே லாட்டிலிருந்து 50 கிராம், தேயிலைக்கும் கூரியருக்கும் கட்டணம் இல்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் அனுப்பினால் மூன்று வேலை நாளில் புறப்படும்.
>
> குறைந்தபட்ச ஆர்டர்: ஒரு அடுக்கு, 48 கிலோ. முழு பேலட் 144 கிலோ. இரண்டுக்கும் விலை வேறு, இணைப்பில் உள்ளது.
>
> விலை: கொச்சியில் உங்கள் ஃபார்வர்டரிடம் ஒப்படைக்கும் வரை, இந்தியச் சுங்க நடைமுறை எங்கள் பொறுப்பு. பிப்ரவரி 28 வரை செல்லும்.
>
> பூச்சிமருந்து எச்சம், ஆந்த்ராகுவினோன் பரிசோதனை இந்த லாட்டுக்கே செய்தது, அறிக்கை கேட்டால் அனுப்புகிறோம். ஆர்கானிக் சான்றிதழ் இல்லை.

கடைசி வரியைப் பார்த்து மனைவி, ‘எதுக்கு நாமளே போய் இல்லைன்னு சொல்லணும்’ என்றாள். சொல்லத்தான் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஆர்கானிக் என்ற சொல்லை மெயிலிலோ பையிலோ போட்டால் அங்கே அவருக்குத்தான் சட்டச் சிக்கல். முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஆர்கானிக் மட்டும் வாங்குகிறவர் விலகிக்கொள்வார், மற்றவர் உங்களை நம்புவார்.

சாம்பிளுக்கு எந்தத் தேயிலையை எடுக்கிறது? நல்லா வந்த நாளோட டீயைத்தானே அனுப்பணும்?

இதில்தான் நான் முதல் வருடம் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கணக்கில் நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. இரவில் உறைபனி விழுகிற அந்தச் சில வாரங்களில் செடி மெதுவாகத்தான் துளிர்க்கும், ஒரு நாளைக்கு எண்பது, நூறு கிலோ கொழுந்து வந்தால் பெரிது. அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருபது கிலோ தேயிலை. ஒரு பேலட் சேர்க்க ஏழெட்டு நாள் பறிப்பு வேண்டும். அந்த நாள்களில் ஒன்று பளிச்சென்று வெயில் அடித்த நாளாக இருக்கும், வாட்டல் அழகாக வந்து, தேயிலை பூ மணக்கும். இன்னொரு நாள் மூட்டமாக இருக்கும், இலை சரியாக வாடியிருக்காது.

அந்த வெயில் நாளின் தேயிலையை எடுத்து சாம்பிள் அனுப்பினேன். அவருக்கு ரொம்பப் பிடித்தது, ஆர்டர் வந்தது. சரக்கு ஏற்றும் முன் மொத்த லாட்டிலிருந்து மறுபடி ஒரு சாம்பிள் கேட்டார், இதை ஏற்றுமதிக்கு முந்தைய சாம்பிள் என்பார்கள், எல்லோரும் கேட்பார்கள். அனுப்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, இது அந்தத் தேயிலை இல்லையே என்றார். உண்மைதான், இல்லை. அந்த லாட்டை கடைசியில் கோயம்புத்தூரில் பாதி விலைக்கு விற்றேன்.

இப்போது செய்வது இப்படி. சீசன் முடிந்ததும் எல்லா நாளின் தேயிலையையும் சுத்தமான தார்ப்பாயில் கொட்டி, மரச் சட்டுவத்தால் மூன்று முறை புரட்டிக் கலக்கிறோம். மழையோ பனிமூட்டமோ இருக்கிற நாளில் இதைச் செய்யக் கூடாது, தேயிலை காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கலந்த குவியலின் மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடத்தில் எடுத்துத்தான் சாம்பிள். எடுத்ததில் ஒரு பங்கு வாங்குபவருக்கு, ஒரு பங்கு லேபுக்கு, 200 கிராம் சீல் வைத்து எங்கள் அலமாரியில். நாளைக்குத் தகராறு வந்தால் அலமாரியில் இருப்பதுதான் சாட்சி.

அப்புறம், அவர் எப்படிப் போட்டுக் குடிப்பார் என்று தெரிந்துகொண்டு நீங்களும் அப்படியே குடித்துப் பாருங்கள். தேயிலை சுவைப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 முறையில் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம், பால் சர்க்கரை இல்லாமல். நம் வீட்டு டீயில் தெரியாத கசப்பும் புகை வாடையும் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

சாம்பிளை இலவசமா கொடுத்தா ஏமாத்தறாங்க, காசு கேட்டா பதிலே வரதில்லை. என்ன பண்றது?

ஒரு சாம்பிள் 50 கிராம், ஒருவருக்கு மூன்று வகை வரை, கூரியர் என் செலவு. அதற்கு மேல் கேட்டால் அவருடைய கூரியர் கணக்கு எண்ணைக் கேட்கிறேன். உண்மையில் இறக்குமதி செய்கிறவரிடம் பெரும்பாலும் அந்தக் கணக்கு இருக்கும், தயங்காமல் கொடுப்பார். கால் கிலோ, அரைக் கிலோ சாம்பிள் கேட்கிறவர் வீட்டில் குடிக்கத்தான் கேட்கிறார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அனுப்புவதற்கு முன் அவர் வலைத்தளத்தைப் போய்ப் பார்த்து, ஒற்றைத் தோட்டத் தேயிலை விற்கிறாரா, டீ பேக் மட்டும் விற்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். டீ பேக் காரருக்கு நம் முறுக்கிலை எதற்கு?

சாம்பிள் பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு. பேப்பர் எல்லாம் வைச்சுத்தான் அனுப்பினேன்.

பெரும்பாலும் மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருப்பீர்கள். விற்பனைக்கு அல்லாத சாம்பிள் என்று எழுதலாம், ஆனால் சுங்கத்துக்காக ஒரு சிறு மதிப்பு இருக்கத்தான் வேண்டும். பொருளை ‘டீ சாம்பிள்’ என்று மட்டும் எழுதாமல் கறுப்புத் தேயிலை, எடை, விளைந்த நாடு, சுங்கத்தில் பொருளின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். எண் நான்கையும் எழுதுங்கள். 3 கிலோவுக்கு மேற்படாத பொட்டலத்தில் இருக்கும் கறுப்புத் தேயிலைக்கு `0902.30`, அதைவிடப் பெரிய பையில் போனால் `0902.40`. சாம்பிளுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று என்று மாறுவது இதனால்தான், நானும் முதலில் குழம்பினேன்.

அமெரிக்காவுக்கு என்றால் 50 கிராமுக்கும் விதி உண்டு. அங்கே வணிக நோக்கில் போகும் உணவுப் பொருள் எதுவானாலும், சாம்பிளே ஆனாலும், அந்த நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும், நம் யூனிட்டின் எஃப்.டி.ஏ. பதிவு எண்ணும் கேட்பார்கள். ஐரோப்பாவில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைந்தபட்ச ஆர்டர்னு எவ்வளவு போடறது? எல்லாரும் 100 கிலோ போடறாங்க, நானும் அதையே போடட்டுமா?

நூறு என்பது வாய்க்கு வசதியான எண், அவ்வளவுதான். பெட்டியிலிருந்து தொடங்கிக் கணக்குப் போடுங்கள்.

எங்கள் அட்டைப் பெட்டி 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர். முறுக்கிய முழு இலை இடத்தை அடைக்கும், எடை இருக்காது. உள்ளே அலுமினியம் பூசிய பையில் 12 கிலோதான் கொள்ளும், அதற்கு மேல் அழுத்தினால் இலை நொறுங்கும். ஐரோப்பாவில் பழக்கத்தில் இருக்கும் பேலட் 120க்கு 80 சென்டிமீட்டர், அதில் ஒரு அடுக்குக்குச் சரியாக நாலு பெட்டி உட்காரும். மூன்று அடுக்கு ஏற்றினால் 12 பெட்டி, 144 கிலோ. பேலட்டின் கட்டையையும் சேர்த்து உயரம் ஏறக்குறைய 135 சென்டிமீட்டர், மொத்தம் 1.3 கனமீட்டர்.

இப்போது யாராவது 100 கிலோ கேட்டால் ஒன்பது பெட்டி. மூன்றாவது அடுக்கில் ஒரே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். பலருடைய சரக்கையும் சேர்த்து ஏற்றும் பகிர்வு கன்டெய்னரில் கட்டணம் கனஅளவுக்குத்தான், ஒன்பது பெட்டி பேலட்டும் பன்னிரண்டு பெட்டி பேலட்டும் ஒரே உயரம், ஒரே கட்டணம். நூறு கிலோ என்று எழுதியவர் 44 கிலோவுக்கான இடத்தைச் சும்மா விட்டுவிட்டு அதற்கும் காசு கொடுக்க வைக்கிறார். எண்ணை எழுதும்போது அட்டைப் பெட்டி கண் முன்னால் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், எத்தனை கிலோ போனாலும் மாறாத செலவு. கொச்சிக்கு வண்டி, சுங்க முகவர், ஆவணங்கள், லேப் பரிசோதனை, எல்லாம் சேர்த்து கணக்குக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 144 கிலோவில் அது கிலோவுக்கு 250 ரூபாய். ஒரு அடுக்கு, அதாவது 48 கிலோ என்றால் 750 ரூபாய். அதனால்தான் மெயிலில் இரண்டு விலை போட்டேன். குறைந்தபட்சம் 144 என்று கறாராகப் போட்டிருந்தால் அந்த ஹாம்பர்க்காரர் வந்திருக்கவே மாட்டார். 48க்கும் 144க்கும் விலையை எதிரெதிரே வைத்ததும் அவரே கணக்குப் பார்த்து, முழு பேலட்டாகவே கொடுங்கள் என்றார்.

மரப் பேலட் என்றால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். மரம் பூச்சி நீக்கப் பக்குவப்படுத்தியது என்பதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத பேலட்டை அங்கே இறக்கவிட மாட்டார்கள்.

அவர் 20 கிலோதான் கேக்கறாரு. முதல் ஆர்டராச்சேன்னு கொடுத்துடலாமா?

கொடுக்கலாம், கூரியரில், முழுப் பணமும் முன்னால் வாங்கிக்கொண்டு. ஆனால் கட்டணத்தை எடையில் யோசிக்காதீர்கள். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள், அது நிஜ எடையை விட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் பில்.

```
60 × 40 × 40 ÷ 5000 = 19.2 கிலோ
```

தராசில் பெட்டியோடு 13.5 கிலோதான் காட்டும், பில் 19.2க்கு வரும். இரண்டு பெட்டி அனுப்பினால் 24 கிலோ தேயிலைக்கு 38.4 கிலோ கட்டணம். இதைத் தெரியாமல் ‘கூரியர் உட்பட’ என்று விலை சொல்லிவிட்டால் லாபம் முழுக்க விமானத்தில் பறந்துவிடும். விமானச் சரக்காக அனுப்பினால் வழக்கமாக 6,000ஆல் வகுப்பார்கள், ஒரு பெட்டி 16 கிலோ ஆகும். அங்கேயும் நிஜ எடைக்குப் பில் வராது.

எஃப்.ஓ.பி., எக்ஸ் ஒர்க்ஸ், எஃப்.சி.ஏ. எல்லாம் ஒண்ணுதானே? எதைப் போடணும்?

ஒன்று இல்லை. ஒவ்வொன்றும், உங்கள் செலவும் பொறுப்பும் எந்த இடத்தில் முடிகிறது என்பதற்கான பெயர்.

எக்ஸ் ஒர்க்ஸ் பார்க்க எளிது. என் குடோன் வாசலில் வந்து எடுத்துக்கொள், அவ்வளவுதான். ஆனால் அதில் இந்தியச் சுங்க ஏற்றுமதி நடைமுறையும் வாங்குபவர் தலையில் விழுகிறது. ஹாம்பர்க்கில் இருக்கிறவர் இங்கே எப்படி ஷிப்பிங் பில் போடுவார்? கடைசியில் நீங்கள்தான் செய்வீர்கள், விலையில் மட்டும் அது இருக்காது.

எஃப்.ஓ.பி. நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதில் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது. ஒரே ஒரு பேலட்டை நீங்கள் கப்பலருகே கொண்டு போவதே இல்லை. கொச்சியில் சரக்குகளைச் சேர்த்து கன்டெய்னரில் அடுக்கும் கிடங்கில் இறக்கிவிட்டு வந்துவிடுவீர்கள். மற்றவர்கள் சரக்கும் சேர்ந்து கன்டெய்னர் நிறைய வேண்டும், பிறகு கப்பல் வர வேண்டும், ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அந்த நாள்களில் பேலட் நனைந்தாலும் கிழிந்தாலும் எஃப்.ஓ.பி. படி நஷ்டம் உங்களுடையது, ஆனால் சரக்கோ உங்கள் கையில் இல்லை.

எஃப்.சி.ஏ.யில், வாங்குபவர் நியமித்த ஃபார்வர்டரிடம் சொன்ன இடத்தில் ஒப்படைத்ததும் பொறுப்பு முடிகிறது. ஏற்றுமதிச் சுங்கம் நம் வேலை. கன்டெய்னர் சரக்குக்கு இதுதான் பொருத்தம், இந்த விதிமுறைகளின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸை வெளியிடும் சர்வதேச வர்த்தக சபையான ஐ.சி.சி.யும் இதையே சொல்கிறது. மெயிலில் மூன்று எழுத்தை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், இடமும் பதிப்பும் சேர வேண்டும்:

```
FCA Cochin, Incoterms 2020
```

விலைப்பட்டியலிலும் புரோஃபார்மா இன்வாய்ஸிலும் இடத்தை இன்னும் துல்லியமாக, கிடங்கின் பெயர் வரை எழுதிவிடுகிறேன். வாங்குபவரின் ஃபார்வர்டர் தூத்துக்குடி வழியாகத்தான் எடுப்பேன் என்றால் விலையைத் திருத்த வேண்டியிருக்கும், வண்டி வாடகை வேறு.

கிடங்குக்குக் கொண்டுபோகும்போது ஒரு விஷயம். பகிர்வு கன்டெய்னரில் உங்கள் தேயிலைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் ஏலக்காயோ ரப்பரோ இருக்கலாம். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் அந்த இரும்புப் பெட்டியின் சூட்டில் கிடந்தால் ஏலக்காய் டீ தயார். வெறும் பாலிதீன் பை போதாது, அலுமினியம் பூசிய பையைச் சூடு வைத்து ஒட்டுங்கள். ஒட்டியதும் பையை அமுக்கிப் பாருங்கள், காற்று கசிந்தால் மறுபடி ஒட்டுங்கள். தீவிர வாசனைச் சரக்கோடு வைக்க வேண்டாம் என்று ஃபார்வர்டருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

‘ஹாம்பர்க் வரைக்கும் விலை சொல்லுங்க’ன்னு கேக்கறாங்க. சி.ஐ.எஃப். கொடுக்கலாமா?

சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்த விலை. கேட்டால் கொடுக்கலாம், முதல் மெயிலில் வேண்டாம். கப்பல் கட்டணம் நம் கையில் இல்லை. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, கட்டணமும் எகிறியது. அதற்கு முன் சி.ஐ.எஃப். விலை கொடுத்துவிட்டுக் காலக்கெடு போடாதவர்கள் கைக்காசைப் போட்டார்கள். கொடுப்பதானால் ஃபார்வர்டரின் மேற்கோள் எவ்வளவு நாள் செல்லுமோ அவ்வளவு நாள்தான் உங்கள் விலையும்.

பகிர்வு கன்டெய்னரில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. இங்கே இருக்கும் முகவர் கடல் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குச் சொல்வார், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். விட்ட காசை அவருடைய கூட்டாளி ஹாம்பர்க்கில் இறக்குமதியாளரிடம் இறக்கும் கூலி, ஆவணக் கூலி என்று வசூலித்துவிடுவார். கோபம் நம் மேல் வரும். அவருடைய ஃபார்வர்டரே எடுக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

டி.டி.பி. மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்குள்ள வரி, சுங்கம், அவர் வாசல் வரை எல்லாம் நம் பொறுப்பு. ஒரு பேலட் தேயிலை விற்பதற்காக ஜெர்மன் வரிப் பதிவெல்லாம் நமக்கு எதற்கு?

லேப் ரிப்போர்ட் கேட்டாங்க, கொடுத்தேன், அதுக்கு அப்புறம் சத்தமே இல்லை. நாங்க மருந்தே அடிக்கறதில்லையே?

ரிப்போர்ட்டில் ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருளின் வரியைப் பாருங்கள். ஐரோப்பாவில் தேயிலைக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். மருந்தே தெளிக்காத தோட்டத்திலும் இது வரும், ஏனென்றால் இது புகையிலிருந்தும் வருகிறது.

நம் பக்கம் டிரையருக்குச் சூடு பெரும்பாலும் விறகடுப்பிலிருந்து. அடுப்புப் புகை ஒரு குழாய் வழியாகப் போக வேண்டும், சுத்தமான காற்று அந்தக் குழாயைத் தொட்டுச் சூடாகித் தேயிலைக்கு வர வேண்டும், இரண்டும் சந்திக்கக் கூடாது. குழாயில் துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் புகை கலந்துவிடும். நாங்கள் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் தேயிலை எதுவும் போடாமல் டிரையரை ஓட்டி, வாயில் ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் கட்டிவைத்தோம். அரை மணியில் துண்டில் மங்கலான சாம்பல் வட்டம், முகர்ந்தால் கற்பூரமர விறகின் புகை வாடை. குழாயை மாற்றினோம், ஈர விறகு போடுவதை நிறுத்தினோம், அடுத்த ரிப்போர்ட்டில் அளவு வரம்புக்குள் வந்தது. துண்டில் ஒன்றும் படியவில்லை என்பதற்காக லேபுக்குப் போகாமல் இருந்துவிட முடியாது, பெரிய ஓட்டையைத்தான் அது காட்டும்.

ரிப்போர்ட் அந்த லாட்டுக்கே எடுத்ததாக இருக்க வேண்டும், லாட் எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். போன வருடத்து ரிப்போர்ட்டை அனுப்பினால் அவர் பார்த்த உடனே தெரிந்துகொள்வார்.

நான் தாண்டிக்குடி. எங்களுது மிளகு. இதே மெயில் சரிவருமா?

உருவம் இதே, எண்கள் வேறு. மிளகு கனம். நல்ல மிளகு ஒரு லிட்டருக்கு 500, 550 கிராம் நிற்கும், இந்த லிட்டர் எடையைத்தான் வாங்குபவர் முதலில் கேட்பார், மெயிலிலேயே ஈரப்பதத்தோடு சேர்த்து எழுதிவிடுங்கள். நான் 144 கிலோ தேயிலை ஏற்றுகிற அதே பேலட்டில் உங்களுக்கு அரை டன் போகும். எனவே குறைந்தபட்ச ஆர்டரை நீங்கள் மூட்டைக் கணக்கில் வைக்கலாம், கனஅளவு உங்களை அவ்வளவாகக் கடிக்காது.

உங்களுக்கான ஆபத்து வேறு இடத்தில். களத்தில் காயும்போது மழையில் நனைந்த மிளகில் பூஞ்சை வந்து அஃப்ளாடாக்சின் ஏறும். அப்புறம் சால்மொனெல்லா. கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு புகை போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், சரக்கு ஐரோப்பாவுக்கு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அங்கே அதற்கு அனுமதி இல்லை. நீராவி முறை அங்கே செல்லும். சிமென்ட் களத்திலோ வெறும் மண்ணிலோ காயவைக்கிறீர்களா, பாய் விரித்தா என்று வாங்குபவர் கேட்டால் படத்தோடு பதில் சொல்லுங்கள்.

பணம் எப்படி வாங்கறது? எல்.சி. கேக்கலாமா?

எல்.சி. என்பது வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம். ஒரு பேலட்டுக்கு அதைக் கேட்டால் சிரிப்பார்கள், வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். நான் வாங்கியது பாதி முன்பணம், மீதி ஏற்றிய ஆவணத்தின் நகல் கிடைத்ததும், மூல ஆவணம் கைமாறும் முன். கடல் வழியில் அந்த மூல ஆவணமான பில் ஆஃப் லேடிங் இல்லாமல் அவரால் சரக்கை எடுக்க முடியாது, அந்தக் கடிவாளம் உங்களிடம் இருக்கிறது.

விமானத்தில் அந்தக் கடிவாளம் கிடையாது. ஏர்வே பில் உரிமை ஆவணம் அல்ல, பெறுநர் என்று பெயர் போட்டவரிடம் சரக்கு போய்விடும். ஆகவே விமானம், கூரியர் இரண்டுக்கும் முழுப் பணமும் முன்னாலேயே.

வங்கிக் கணக்கு எண் புரோஃபார்மாவில் ஒருமுறை மட்டும் போகும், அது மாறாது, மாறியதாக மெயில் வந்தால் எனக்கு போன் செய்யாமல் அனுப்பாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். மெயிலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி எழுதுகிற திருட்டு இந்தத் தொழிலில் சகஜம்.

இதுக்கெல்லாம் என்னென்ன லைசென்ஸ் வேணும்?

ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண், உணவுத் தொழிலுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், தேயிலைக்கு டீ போர்டின் ஏற்றுமதி உரிமம், அதற்குக் குன்னூரிலேயே டீ போர்டு அலுவலகம் இருக்கிறது. மிளகு, ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவு. ஜி.எஸ்.டி.யில் எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டுவிட்டால் வரி கட்டாமல் ஏற்றலாம், இல்லாவிட்டால் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் ஏ.டி. கோடைச் சுங்கத்தில் பதிவு செய்வதை மறந்துவிடுவார்கள், சரக்கு கொச்சி போய் நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். முன்பணம் வருவதற்கு முன்பே சுங்க முகவரைப் பிடித்து இதை முடித்துவிடுங்கள்.

மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு, பதிலே இல்லை. மறுபடி போடலாமா?

பத்து நாள் கழித்து ஒரு முறை, பழைய மெயிலுக்குப் பதிலாகவே, இரண்டு வரியில். ‘லாட் கே-03இல் இன்னும் 96 கிலோ இருக்கிறது’ என்பது போல உண்மையான புதுச் செய்தி ஏதாவது இருந்தால் மட்டும். பிராஸ்ட் டீ என்றால் பிப்ரவரி முடிவதற்குள் சாம்பிள் அவர் மேசையில் இருக்க வேண்டும், மார்ச் வந்துவிட்டால் எல்லோரும் டார்ஜிலிங் முதல் பறிப்பு பின்னால் போய்விடுவார்கள், உங்கள் பொட்டலம் பிரிக்காமலே கிடக்கும்.

ஹாம்பர்க்காரர் பதில் போட்டது இரண்டாவது மெயிலுக்குத்தான், அதுவும் ஒரே வரி: முகவரி கீழே, 50 கிராம் அனுப்புங்கள்.